தேதி போட்டால் கூட்டம் வராதா?

ஆடி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுத் துணிக்கடைகள் எல்லாம் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடும். கடை வாசலில் கட்டிய பேனரிலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும், இன்ஸ்டாகிராம் படத்துக்கு அடியிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: "ஆடி அதிரடி! 70% வரை தள்ளுபடி! இன்றே முந்துங்கள்!" அதன் காலடியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்றிருக்கும். எந்தத் துணி, என்ன விலை, எந்தத் தேதிவரை, எத்தனை உருப்படி என்று வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய எதுவும் அதில் இராது.

இது கவனக்குறைவால் நேர்வது அல்ல. இதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. விளம்பரம் எழுதுபவர்களும் கடை முதலாளிகளும் சமூக ஊடகக் கணக்கு நடத்தித் தருபவர்களும் அதை நம்புகிறார்கள். "விலையையும் தேதியையும் நிபந்தனையையும் முழுசாக எழுதினால் அது விளம்பரம் இல்லை, பத்திரம். ஆளை முதலில் கடைக்குள் கொண்டுவா, மற்றதைக் கவுண்டரில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே அந்தக் கொள்கை. தள்ளுபடி வாசகத்தின் வேலை அவசரத்தை உண்டாக்குவது. விவரம் கூடக்கூட அவசரம் குறைந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

தள்ளுபடி வாசகத்தில் அவசரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சொல்லும் தள்ளுபடிக்கு யாரும் இன்று வரமாட்டார்கள். ஆனால் விவரம் அவசரத்தைக் கெடுக்கும் என்ற கணக்கு தவறு. விலை, கெடு, நிபந்தனை மூன்றும்தான் அவசரத்தை உண்டாக்குகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆச்சரியக்குறி மட்டும்தான். இந்தக் கொள்கைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

பேச்சுக்கு ஓர் உதாரணம் வேண்டும். மதுரையில் ஒரு நடுத்தரக் கடையை வைத்துக்கொள்வோம். அங்கே சுங்குடிச் சேலை ஏப்ரல் முதல் ₹1,450க்கு விற்றுவருகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம். தீபாவளிக்கான புதுச் சரக்கு ஆகஸ்ட்டில் வந்து இறங்கும், அதற்கு அலமாரியில் இடம் வேண்டும். ஆகவே 60 சேலைகளை ₹1,160க்குக் கொடுத்துத் தீர்த்துவிட முதலாளி முடிவு செய்கிறார். 20 சதவீதத் தள்ளுபடி. வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள். இதற்கு நான் எழுதினால் வாசகம் இப்படி இருக்கும்:

"சுங்குடிச் சேலை ₹1,160 (இதுவரை ₹1,450). 2025 ஜூலை 27 ஞாயிறு இரவு 9 மணி வரை. 60 சேலைகள் மட்டும், கடையில் மட்டும்.
ஜிஎஸ்டி உள்ளடங்கிய விலை. ஒருவருக்கு 2 சேலை. கூரியர், போன் ஆர்டர் இல்லை. பில்லுடன் 7 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். நெசவில் குறை இருந்தால் பணம் திருப்பித் தரப்படும். ₹1,450 என்பது ஏப்ரல் முதல் நாங்கள் விற்றுவரும் விலை. ஆகஸ்ட்டில் புதுச் சரக்கு வருகிறது, அலமாரியில் இடம் வேண்டும்."

முதல் வாதம், இதை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது. போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் இரண்டு வரிக்குமேல் நிற்க மாட்டார். இன்ஸ்டாகிராமோ தொடக்க வரிகளை மட்டும் காட்டி மிச்சத்தை மடித்து வைத்துவிடுகிறது. ஆகவே சுருக்கம் வேண்டும், சுருக்கம் என்றால் விவரத்தை வெட்ட வேண்டும் என்கிறார்கள்.

சுருக்கம் வேண்டும் என்பது சரி. ஆனால் எதை வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். "ஆடி அதிரடி", "மெகா", "முந்துங்கள்", "நம்ப முடியாத விலை" ஆகியவற்றை விட்டுவைத்து விலையையும் தேதியையும் வெட்டுகிறார்கள். நான் எழுதிய வாசகத்தின் முதல் வரியில் பொருள், புது விலை, பழைய விலை, கெடு, எண்ணிக்கை, இடம் ஆறும் இருக்கின்றன. "முந்துங்கள்" வாசகத்தைவிட அது பத்துப் பதினொரு சொல்தான் அதிகம். மடிக்கப்படும் பகுதியில் மீதி இருக்கட்டும்.

எந்த நிபந்தனை முதல் வரிக்கு வர வேண்டும், எது கீழே போகலாம் என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அந்த நிபந்தனை முன்பே தெரிந்திருந்தால் ஒருவர் கிளம்பியே இருக்க மாட்டார் என்றால், அது முதல் வரிக்கு உரியது. "கடையில் மட்டும்" அப்படிப்பட்டது. கோயம்புத்தூரில் இருப்பவருக்கு அந்த ஒரு சொல்லே முழு விஷயம். "60 சேலைகள் மட்டும்" என்பதும் அப்படியே. "7 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்" என்பது வாங்க முடிவு செய்தவருக்குத் தேவைப்படுவது, கீழே இருந்தால் போதும். குறைந்தபட்சம் ₹3,000க்கு வாங்கினால்தான் தள்ளுபடி, குறிப்பிட்ட வங்கியின் அட்டை இருந்தால்தான் தள்ளுபடி என்ற நிபந்தனைகள் இருந்தால், அவற்றை நட்சத்திரக் குறிக்குள் ஒளித்து வைப்பது சுருக்கம் ஆகாது. சலுகையின் பாதியைச் சொல்லி மறுபாதியை மறைப்பது அது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளம்பரத்தில் சொன்னதற்கு விளக்கக் குறிப்பு போடலாம். ஆனால் அந்தக் குறிப்பைக் கொண்டு முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது, தவறாகச் சொன்னதைத் திருத்தப் பார்க்கவும் கூடாது என்கின்றன அந்த நெறிகள். குறிப்பு, விளம்பரம் இருக்கும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும் அவை கேட்கின்றன. மேலே தமிழில் கொட்டை எழுத்தில் சலுகையையும் கீழே பொடி எழுத்தில் ஆங்கில நிபந்தனையையும் போடும் நம் பேனர்களை இந்த அளவுகோலால் பார்த்தால் எத்தனை தேறும்?

இரண்டாவது வாதம் இன்னும் தந்திரமானது. மொட்டையான வாசகம்தான் அதிகக் கூட்டத்தைக் கொண்டுவரும்; உள்ளே வந்தவர் எதையாவது வாங்காமல் போக மாட்டார் என்பது அது. கூட்டம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. வருகிற கூட்டம் எப்படிப்பட்டது, வந்தபின் கவுண்டரில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

அதே மதுரைக் கடையில் "70% வரை" என்று போட்டதாக வைத்துக்கொள்வோம். கடையில் 400 சேலை இருக்கிறது. அதில் கறைபட்டவை, பழைய ரகம் என்று எட்டுச் சேலைக்கு மட்டும் 70 சதவீதம். மீதி 392க்கு 10 சதவீதம். எழுத்தளவில் வாசகம் பொய் இல்லை. வெள்ளிக்கிழமை காலை கடை திறந்த ஒரு மணி நேரத்தில் அந்த எட்டும் போய்விடும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி, "எழுபது பர்சென்ட் எங்கே இருக்கு, அண்ணே?" விற்பனையாளர் மூன்று நாளும் சேலையை எடுத்துக் காட்டுவதைவிட்டு, அந்தக் கேள்விக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் வெறுங்கையோடு போக மனமில்லாமல் 10 சதவீதத்தில் ஒன்றை வாங்கத்தான் செய்வார். அதைத்தான் முதலாளி வெற்றி என்று எழுதிக்கொள்கிறார். ஆனால் அந்தச் சேலையோடு வீட்டுக்குப் போவது மனக்கசப்பு. அடுத்த ஆடிக்கு அந்தக் கடையின் பேனர் அவர் கண்ணில் படவே படாது.

இதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது: தூண்டில் விளம்பரம். அதே 2022 நெறிகள், அறிவித்த விலையில் பொருளை விற்க நியாயமான வாய்ப்பு இல்லாமல் ஆளை இழுக்கக் கூடாது என்கின்றன. எதிர்பார்க்கத்தக்க தேவைக்குப் போதுமான சரக்கு இருக்க வேண்டும், சரக்குக் குறைவு என்றால் அதைச் சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிகம் என்று பட்டியலிடுவதிலும் இது வருகிறது: சந்தையின் தன்மைக்கு ஏற்ற நியாயமான அளவிலும் நியாயமான காலத்துக்கும் விற்கும் எண்ணம் இல்லாமல் ஒரு பொருளைச் சலுகை விலையில் தருவதாக விளம்பரம் செய்வது.

இப்போது "60 சேலைகள் மட்டும்" என்று எண்ணிக்கை போட்ட வாசகம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். அது வருபவரைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் வருபவர் அந்தச் சேலைக்காக, அந்த விலைக்காக வருகிறார். கவுண்டரில் விளக்கம் தேவையில்லை. சனிக்கிழமை மாலை 22 சேலை மிச்சம் இருந்தால், அதே படத்தின் மேல் "மீதம் 22. நாளை இரவு 9 மணி வரை" என்று மாற்றிப் போடலாம். அவசரம் என்றால் இதுதான். முதல் நாள் சொன்ன எண் மறுநாள் குறைந்திருப்பதைப் பார்ப்பவருக்கு யாரும் "முந்துங்கள்" என்று சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமையே அறுபதும் போய்விட்டால் "முடிந்துவிட்டது" என்று போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து ஏமாறப்போகும் பத்துப் பேரை அது தடுக்கும். பார்க்கும் மற்றவர்களுக்கோ, இந்தக் கடை எண் சொன்னால் எண் உண்மை என்று தெரியும். வெறுமனே "ஸ்டாக் உள்ளவரை" என்று போட்டால் இந்த இரண்டும் நடக்காது. எத்தனை இருந்தது என்று யாருக்கும் தெரியாதபோது எத்தனை மிச்சம் என்பதும் தெரியாது.

எண்ணிக்கையையும் வரம்பையும் சொன்னால் மக்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயத்துக்கு எதிராக ஆராய்ச்சியில் சான்று இருக்கிறது. 1997இல் 'ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்' இதழில் இன்மன், பீட்டர், ரகுபீர் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருக்கு இத்தனைதான், இந்தத் தேதிவரைதான், இவ்வளவு வாங்கினால்தான் என்ற கட்டுப்பாடுகள் ஒரு சலுகையின் மதிப்பை வாங்குபவர் கண்ணில் உயர்த்திக் காட்டுகின்றன என்பது அதன் மையக் கருத்து. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஒருவருக்கு இரண்டுதான் என்று கடைக்காரர் கட்டுப்படுத்துகிறார் என்றால், அந்த விலையில் விற்பது அவருக்கு வலிக்கிறது, ஆகவே இது நிஜமான சலுகை என்று வாங்குபவர் மனம் கணக்குப் போடுகிறது. இதே காரணத்தால் பொய் வரம்பு ஒருமுறை அம்பலமானால் அந்தக் கணக்கு தலைகீழாகும். ஒருவருக்கு இரண்டு என்று சொல்லிவிட்டு, பத்துக் கேட்டவருக்குப் பத்தையும் கட்டிக் கொடுப்பதைப் பக்கத்தில் நிற்பவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

மூன்றாவது வாதத்துக்கு வெளிநாட்டுச் சான்று காட்டுவார்கள். மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாகவே நடத்தப்படும் கதை அது. அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற பெரிய துணிக்கடை நிறுவனத்துக்கு ஆப்பிள் நிறுவனத்திலிருந்து வந்த ரான் ஜான்சன் தலைவரானார். 2012 தொடக்கத்தில் அவர் ஓயாத தள்ளுபடிகளையும் கூப்பன்களையும் ஒழித்து, எல்லா நாளும் ஒரே நியாய விலை என்று அறிவித்தார். அந்த ஆண்டில் விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார். "பார்த்தீர்களா, மக்களுக்கு உண்மை வேண்டாம், ஏற்றி இறக்கிய விலைதான் வேண்டும்" என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறார்கள்.

இந்தக் கதை அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. ஜான்சன் தள்ளுபடியை நேர்மையாக்கவில்லை, தள்ளுபடியையே எடுத்துவிட்டார். இன்று வந்தாலும் அடுத்த வாரம் வந்தாலும் ஒரே விலை என்றால் இன்று வரக் காரணம் இல்லை. முன்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்ற ஒப்பீடும் போய்விட்டது; ஒரு சட்டை 10 டாலர் என்றால் அது மலிவா, இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? கெடுவும் இல்லை, ஒப்பீடும் இல்லை. அவசரம் இல்லாத விலை விற்காது என்பதை அந்தக் கதை காட்டுகிறது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நேர்மையான அவசரம் விற்காது என்பதை அது காட்டவில்லை. அதை அந்த நிறுவனம் சோதித்துப் பார்க்கவே இல்லை.

நேர்மையான அவசரம் விற்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி தருவது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தெரிந்த செய்தி. அங்கே "வரை" என்ற நழுவல் இல்லாமல், சதவீதம் நேரடியாகவே அறிவிக்கப்படுகிறது. அடுத்த வருடமும் இது வரும் என்று வாங்குபவருக்குத் தெரியும், இருந்தும் வருகிறார். ஏனென்றால் இந்தத் தீபாவளிக்கு உடுத்த இந்தத் தீபாவளிக்கு முன்தான் வாங்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் தள்ளுபடி பொய் என்று யாரும் சொல்லவில்லை. "இனி இப்படி ஒரு வாய்ப்பு வராது" என்று சொல்லிவிட்டு மறுமாதமே வருவதுதான் பொய்.

இங்கேதான் நம் கடைகளுக்குப் பழகிப்போன இன்னொரு வாசகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "வாடிக்கையாளர்களின் பேராதரவை முன்னிட்டு மேலும் மூன்று நாட்கள் நீட்டிப்பு!" இதைப் பெருந்தன்மை என்று நினைத்துப் போடுகிறார்கள். உண்மையில் இது, ஞாயிறு இரவு 9 மணிக்குள் வர வேண்டுமென்று வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தவர்களைப் பார்த்து, நீங்கள் ஓடிவந்தது வீண் என்று சொல்வது. நாலு பேருக்குத் தெரிய ஒருமுறை நீட்டித்தால், அடுத்த முறை நீங்கள் போடும் கெடுவை யாரும் கெடுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "அவங்க எப்படியும் நீட்டிப்பாங்க" என்று சொல்லி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கூட்டம் வரவில்லையே என்று எழுத்தை இன்னும் பெரிதாக்குவீர்கள், சதவீதத்தை இன்னும் ஏற்றுவீர்கள். சத்தம் ஏன் வருடாவருடம் கூடுகிறது என்பதற்கு இதுவே விடை. தன் கெடுவைத் தானே கொன்ற கடைக்குக் கத்துவதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஞாயிறு இரவு 15 சேலை மிஞ்சினால் என்ன செய்வது? திங்கட்கிழமை அது ₹1,450க்குத் திரும்ப வேண்டும், அல்லது மேஜையிலிருந்து எடுத்து உள்ளே வைக்கப்பட வேண்டும். அடுத்த வாரமே அதை ₹999க்குப் போட்டால், அந்த மூன்று நாளில் 45 சேலையை வாங்கியவர்களை எல்லாம் ஏமாளிகளாக்கியது போலாகும். அடுத்த மாதக் கடைசியில் இன்னும் குறைக்கும் திட்டம் இருந்தால் அதையும் வாசகத்திலேயே சொல்லிவிடலாம்: "மிஞ்சினால் ஆகஸ்ட் கடைசியில் இன்னும் குறையலாம், டிசைன் கிடைக்கும் என்று உறுதி இல்லை." இது கூட்டத்தைக் குறைக்கும் என்று பயப்பட வேண்டாம். பிடித்த டிசைன் வேண்டியவர் இப்போது வருவார், விலை மட்டும் பார்ப்பவர் பிறகு வருவார். நீட்டிப்புக்கு ஒரே நியாயம், மழை வெள்ளமோ பஸ் ஓடாததோ காரணமாகக் கடையே திறக்க முடியாத நாள். அப்போதும் காரணத்தைச் சொல்லி, போன நாளுக்கு ஈடாக ஒரு நாள் மட்டும் தருவதே முறை.

நான்காவது வாதம்தான் கடினமானது. அதைச் சொல்பவர்களும் பெரும்பாலும் நேர்மையாகவே சொல்கிறார்கள். "எதிர்க்கடைக்காரன் விலைச்சீட்டில் ₹2,900 என்று ஒட்டி 60 சதவீதம் தள்ளுபடி என்கிறான். நான் உள்ளதைச் சொல்லி 20 சதவீதம் என்றால் என் கடைக்கு எவன் வருவான்?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். ₹2,900இல் 60 சதவீதம் போனால் ₹1,160. ₹1,450இல் 20 சதவீதம் போனாலும் அதே ₹1,160. இரண்டு கடையிலும் ஒரே சேலை, ஒரே விலை. சதவீதத்தில் போட்டி போட்டால் பொய் சொல்பவன்தான் ஜெயிப்பான், ஏனென்றால் அவன் விலைச்சீட்டுக்கு வரம்பே இல்லை. ரூபாயில் போட்டி போட்டால் அவனுடைய 40 சதவீத முன்னிலை மறைந்துவிடும். அதனால்தான் என் வாசகத்தில் சதவீதமே இல்லை, ₹1,160 என்பதுதான் முதலில் நிற்கிறது. சதவீதங்களைக் கூட்டிக் காட்டும் வித்தையும் இப்படித்தான் உடையும். "50% + 20%" என்பதை எல்லோரும் 70 என்று படிக்கிறார்கள். ₹1,000 பொருளுக்கு முதலில் 500, அந்த 500இல் 20 சதவீதம் 100, ஆக ₹400. தள்ளுபடி 60 சதவீதம்தான். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 சதவீதம், அதுவும் மூன்று தேவைப்படுபவருக்கு மட்டும்.

பழைய விலையை எப்படிக் காட்டுவது என்பதும் இங்கே முக்கியம். அடித்துவிட்ட விலை எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் அது வெறும் எண். நம் நாட்டில் அதிகபட்ச சில்லறை விலை என்பது அதற்குமேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்புதான். அந்த விலைக்குத்தான் விற்றுவந்தார்கள் என்பதற்கு அது சாட்சி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு தெளிவான விதியை 2022 மே முதல் நடைமுறைப்படுத்தியது. விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாளில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் வாழைப்பழ, அன்னாசி விளம்பர வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்தக் குறைந்த விலையை எங்கோ மூலையில் குறிப்பிட்டால் போதாது, சதவீதத்தையே அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் சட்டம் 30 நாள் என்று கணக்குச் சொல்லவில்லை. ஆனால் "ஏப்ரல் முதல் நாங்கள் விற்றுவரும் விலை ₹1,450" என்று எழுத எந்தச் சட்டமும் தேவையில்லை, பழைய பில் புத்தகம் போதும். எதிர்க்கடைக்காரனால் எழுத முடியாத வாக்கியம் அது.

இப்படிச் செய்தால் எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. சதவீதத்தை மட்டுமே பார்த்து ஓடுபவர்கள் எதிர்க்கடைக்குத்தான் போவார்கள். அவர்களை நீங்கள் இழப்பீர்கள், முதல் வருடம் அது உறுத்தவும் செய்யும். ஆனால் அவர்கள் நாளை 65 சதவீதம் போடும் மூன்றாவது கடைக்குப் போகிறவர்கள். அவர்களை நம்பி எந்தக் கடையும் நிலைத்ததில்லை.

இனி வாசகத்தின் சில நுணுக்கங்கள். இவற்றில்தான் நல்லெண்ணம் உள்ளவர்களும் தவறுகிறார்கள். தேதியில் வருடம் போடுங்கள். வாட்ஸ்அப்பில் போன படம் சாவதில்லை. வருடம் இல்லாத "ஜூலை 27 வரை" அடுத்த ஜூலையில் யாரோ ஒரு குடும்பக் குழுவில் மறுபடி முளைத்து உங்கள் கடை வாசலில் சண்டையாக வந்து நிற்கும். கிழமையும் சேர்த்துப் போட்டால் தேதி தவறி அச்சானது உடனே தெரிந்துவிடும். "27ஆம் தேதி நள்ளிரவு 12 மணி வரை" என்று எழுதாதீர்கள். அது 27 தொடங்கும் 12 மணியா, முடியும் 12 மணியா என்று ஆளுக்கொரு அர்த்தம் கொள்வார்கள். கடை பூட்டும் நேரத்தையே கெடுவாக வைப்பது நல்லது. ஆன்லைனில் விற்பதானால் ஆர்டர் போட்ட நேரமா, பணம் வந்து சேர்ந்த நேரமா எது கணக்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே ஓடும் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கினால் அது கெடு ஆகாது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தின் ஏமாற்று வடிவங்கள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டபோது, அதில் முதலாவதாக வைத்தது பொய்யான அவசரத்தைத்தான். "இரண்டு அறைகளே மீதி, இப்போது 30 பேர் பார்க்கிறார்கள்" என்பது அதற்கு அந்த ஆணையமே காட்டும் உதாரணம்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். தள்ளுபடி விலையைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பில் போடும்போது வரியை மேலே ஏற்றுவது சில ஆயத்த ஆடைக் கடைகளின் வழக்கமாக இருந்தது. அதிகபட்ச சில்லறை விலையில் வரி ஏற்கெனவே அடக்கம். அதில் தள்ளுபடி தருவதாகச் சொல்லிவிட்டுத் தள்ளுபடி விலை மீது தனியாக வரி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் சொல்லிவிட்டது. ஆகவே வாசகத்தில் இருக்கும் எண்ணும் பில்லின் கடைசி வரியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதேபோல், "விற்ற பொருள் திரும்ப வாங்கப்படமாட்டாது" என்ற நிபந்தனையைத் தள்ளுபடியைக் காரணம் காட்டிக் குறையுள்ள பொருளுக்கும் நீட்ட முடியாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. எழுதி ஒட்டிவிட்டால் எல்லா நிபந்தனையும் செல்லுபடியாகிவிடாது.

கடைசியாக, காரணம். என் வாசகத்தின் முடிவில் "ஆகஸ்ட்டில் புதுச் சரக்கு வருகிறது, அலமாரியில் இடம் வேண்டும்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. விளம்பரக்காரர்கள் முதலில் அடிப்பது அதைத்தான். ஆனால் வாங்குபவர் மனத்தில் எழும் கேள்வி "ஏன் மலிவாகத் தருகிறான்? துணியில் குறையா?" என்பதே. அதற்குப் பதில் இல்லாத தள்ளுபடி சந்தேகத்தைத்தான் வளர்க்கும். கெடு ஏன் 27ஆம் தேதி என்பதற்கும் அந்த வாக்கியமே விடை. சரக்கு வருகிறது, இடம் இல்லை, எண்ணிக்கை இவ்வளவு என்று சொல்ல முடிந்தால் அவசரம் உண்மையானது. இந்த மூன்றில் ஒன்றும் சொல்ல முடியாவிட்டால் அவசரம் இல்லை என்று பொருள். அப்போது கெடு வாசகம் எழுதவே கூடாது. "சுங்குடிச் சேலை ₹1,160" என்று விலையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். நல்ல விலைக்கு அதுவே போதும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த தள்ளுபடிக்கு வாசகம் எழுதும்போது விலை, வருடத்தோடு கூடிய தேதி, எண்ணிக்கை, ஆளைத் திருப்பி அனுப்பக்கூடிய நிபந்தனை ஆகியவற்றை முதல் வரியில் போடுங்கள். அந்தத் தேதியில் நிறுத்துங்கள், நீட்டிக்காதீர்கள். வாங்குபவர்களிடம் கேட்பதும் ஒன்றுண்டு. "70% வரை" என்பதைப் பார்த்ததும் கிளம்பாதீர்கள். கடைக்குப் போன் செய்து, "எந்தச் சேலை, என்ன விலை, எத்தனை இருக்கு, எந்தத் தேதிவரை?" என்று கேளுங்கள். நான்குக்கும் பதில் சொல்லும் கடைக்குப் போங்கள். சொல்லாத கடை உங்களை வரச்சொல்வது உங்கள் லாபத்துக்காக அல்ல.